கிட்ட இருக்கும் சாலையா, போன சாலையா?

ஒரு பயணத்தைச் செல்போனில் பதிவு செய்து, அந்தத் தடத்தை அப்படியே வரைபடத்தின் மேல் போட்டுப் பாருங்கள். தி.நகர் பனகல் பூங்காவில் கிளம்பிக் கிண்டி வரை பைக்கில் போனவரின் தடம் என்று வைத்துக்கொள்வோம். கோடு ஒழுங்காகச் சாலையில்தான் தொடங்கும். இரண்டே நிமிடத்தில் ஏதோ ஒரு துணிக்கடைக்குள் புகுந்து பின்சுவர் வழியாக வெளியே வரும். மாம்பலம் கால்வாயைப் பாலமே இல்லாத இடத்தில் தாண்டும். சிக்னலில் நின்றிருந்த ஒன்றரை நிமிடம் அதே இடத்தில் கிறுக்கலாகக் கிடக்கும்.

பார்க்க வேடிக்கைதான். ஆனால் அந்தக் கோட்டின் நீளத்தை அளந்து யாராவது காசு கொடுக்கவோ வாங்கவோ வேண்டியிருந்தால் வேடிக்கை போய்விடும். சிக்னலில் அசையாமல் நிற்கிற வண்டிக்கு விநாடிக்கு ஒரு புள்ளி பதிவாகி, ஒவ்வொரு புள்ளியும் முந்தையதிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி விழுந்தால், ஒன்றரை நிமிடத்தில் 180 மீட்டர் ‘ஓடியதாக’க் கணக்கு வரும். மாறாக, பேட்டரியை மிச்சப்படுத்த அரை நிமிடத்துக்கு ஒரு புள்ளி என்று பதிவு செய்தால், புள்ளிகளை நேர்க்கோட்டில் இணைக்கும்போது வளைவுகளெல்லாம் வெட்டுப்பட்டுத் தூரம் குறைந்துவிடும். அதிகமாகவும் பிழை வரும், குறைவாகவும் வரும். ஒன்றை ஒன்று ஈடுசெய்யும் என்று நம்பி இருக்க முடியாது.

ஆகவே வாடகை வண்டி, டெலிவரி, பஸ் கண்காணிப்பு என்று இந்தத் தடங்களை வைத்து வேலை செய்கிறவர்கள், புள்ளிகளை முதலில் சாலைகளின் மேல் ஏற்றிவிட்டுப் பிறகுதான் எதையும் கணக்கிடுகிறார்கள். மேப் மேட்சிங் என்று அதைச் சொல்வார்கள். சொல்லும்போது ஏதோ ஓரத்தைச் சீவிச் சரிசெய்கிற வேலை மாதிரி இருக்கிறது. உண்மையில் அது ஒரு துப்பறியும் வேலை.

முதலில் புள்ளி ஏன் தள்ளி விழுகிறது என்று பார்த்துவிடலாம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றின் சிக்னல் வந்து சேர எவ்வளவு நேரமானது என்பதை வைத்துத்தான் போன் தூரத்தைக் கணக்கிடுகிறது. ஒளிவேகத்தில் வருகிற சிக்னல் என்பதால், ஒரு விநாடியில் பத்து கோடியில் ஒரு பங்கு பிசகினாலே தூரத்தில் மூன்று மீட்டர் பிசகிவிடும். திறந்த வெளியில் நல்ல போன் ஏறக்குறைய ஐந்து மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். இரு பக்கமும் உயரமான கட்டடங்கள் இருந்தால் கதை வேறு. நேர் சிக்னல் மறைந்துபோய், எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பிய சிக்னல் மட்டும் போனுக்குக் கிடைக்கும். அது சுற்றி வந்த கூடுதல் தூரம் முழுவதும் இடப்பிழையாக மாறும். இருபது முப்பது மீட்டர் தள்ளிப்போவது அங்கே சாதாரணம்.

இதற்கு எவருக்கும் உடனே தோன்றுகிற தீர்வு ஒன்று உண்டு: ஒவ்வொரு புள்ளியையும் அதற்குக் கிட்ட இருக்கும் சாலைக்கு நகர்த்திவிடுவது. ஒதுக்குப்புறமான கிராமத்துச் சாலையில் இது பிழைத்துப்போகும். நகரத்தில் பிழைக்காது. நேராகப் போன வண்டி ஒவ்வொரு சந்திப்பிலும் குறுக்குத் தெருவுக்குள் பத்தடி போய்த் திரும்பி வந்ததாகக் காட்டும். மேம்பாலத்திலிருந்து கீழே குதிக்கும். ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் பாயும். ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியாக விசாரிப்பதுதான் இதில் உள்ள கோளாறு. வண்டி என்பது அந்தரத்தில் தோன்றி மறைகிற பொருள் அல்லவே; முந்தைய புள்ளியிலிருந்து இந்தப் புள்ளிக்கு ஏதோ ஒரு சாலை வழியாகத்தான் அது வந்திருக்க வேண்டும். ‘எந்தச் சாலை கிட்ட இருக்கிறது’ என்பதோடு, ‘அங்கிருந்து இங்கே வர வழி இருக்கிறதா’ என்றும் கேட்டாக வேண்டும்.

இந்த இரண்டாவது கேள்வி ஜிபிஎஸ்ஸுக்கும் முந்தையது. 1985இல் கலிபோர்னியாவில் ஈடாக் என்ற நிறுவனம் கார்களுக்கு ஒரு வழிகாட்டிக் கருவியை விற்றது. அதில் செயற்கைக்கோள் சங்கதியே கிடையாது. சக்கரம் எத்தனை முறை சுற்றியது, திசைகாட்டி எந்தப் பக்கம் திரும்பியது என்ற இரண்டை வைத்துக் காரின் இடத்தை அது ஊகிக்கும். ஊகத்தில் பிழை சேர்ந்துகொண்டே போகும். கார் ஒரு திருப்பத்தில் திரும்பியதும், அந்த வட்டாரத்தில் அப்படித் திரும்பக்கூடிய சாலை எது என்று கேசட்டில் பதிந்திருந்த வரைபடத்தில் தேடிப் பிழையைத் துடைத்துக்கொள்ளும். சாலைகளின் அமைப்பே சாட்சி சொல்லும் என்ற எண்ணம் அங்கேயே வந்துவிட்டது.

இன்று பரவலாகப் புழங்கும் முறை 2009இல் மைக்ரோசாஃப்டைச் சேர்ந்த பால் நியூசன், ஜான் க்ரம் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலிருந்து வருகிறது. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் வரைபடத்தை வைத்து இயங்கும் ஓஎஸ்ஆர்எம், வல்ஹாலா, கிராஃப்ஹாப்பர் போன்ற இலவச மென்பொருள்கள் இந்த வேலையைச் செய்யும்போது அந்தக் கட்டுரையின் வழியைத்தான் ஒட்டி நடக்கின்றன. அவர்கள் கையாண்ட கணிதம் பேச்சை எழுத்தாக மாற்றும் துறையில் 1970களிலிருந்தே புழங்கிவந்தது. சந்தை இரைச்சலில் ஒருவர் பேசுவது பாதிதான் காதில் விழுகிறது. ஆனாலும் வாக்கியம் முடிந்ததும் நடுவில் தவறவிட்ட சொல் இன்னதுதான் என்று பிடித்துவிடுகிறோம். இரைச்சல் புள்ளிகளிலிருந்து பாதையைப் பிடிப்பதும் அதே கணக்குதான்.

அவர்கள் முறையில் ஒவ்வொரு புள்ளிக்கும் சுற்றுவட்டாரத்தில் இருக்கிற எல்லாச் சாலைகளும் சந்தேக வளையத்துக்குள் வருகின்றன. கட்டுரையில் 200 மீட்டர் வரை தேடினார்கள். பிறகு இரண்டு வகை அபராதம் போடுகிறார்கள். முதலாவது, புள்ளிக்கும் சாலைக்கும் உள்ள தூரத்துக்கு. இந்தத் தூரத்தை இருமடிக்கிறார்கள். அதனால் இரண்டு மடங்கு தள்ளியிருந்தால் அபராதம் நான்கு மடங்கு. இரண்டாவது, அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள வழிக்கு. புள்ளிக்குப் புள்ளி நேர்க்கோட்டில் எவ்வளவு தூரம், அந்தச் சாலைகள் வழியாகப் போனால் எவ்வளவு தூரம் என்று பார்த்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு அபராதம். பத்து விநாடியில் நூறு மீட்டர் நகர்ந்த வண்டி, சாலை வழியாகவும் ஏறக்குறைய நூறு மீட்டர்தான் ஓடியிருக்கும் என்பது இதன் பின்னால் உள்ள பொதுப்புத்தி. எந்தப் பாதைக்கு மொத்த அபராதம் குறைவோ, அதுதான் வண்டி போன பாதை.

எண்களை வைத்துப் பார்த்தால்தான் இதன் சாமர்த்தியம் புரியும். ஓர் உதாரணத்தைக் கட்டிக்கொள்வோம். ஒரு நெடுஞ்சாலை; அதை ஒட்டியே 18 மீட்டர் தள்ளி ஒரு சர்வீஸ் ரோடு. நடுவில் தடுப்புச்சுவர். 800 மீட்டருக்கு ஒரு இடத்தில்தான் ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற வழி. நெடுஞ்சாலையில் ஒரே திசை. சர்வீஸ் ரோட்டில் இரு திசையிலும் போகலாம். ஒரு வண்டி மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் நெடுஞ்சாலையில் போகிறது. பத்து விநாடிக்கு ஒரு புள்ளி. அப்படியானால் புள்ளிகளுக்கு நடுவே நூறு நூறு மீட்டர். மூன்று புள்ளிகளை எடுத்துக்கொள்வோம்.

முதல் புள்ளி நெடுஞ்சாலைக்கு 3 மீட்டர், சர்வீஸ் ரோட்டுக்கு 15 மீட்டர். இரண்டாவது புள்ளி ஒரு லாரியோ கட்டடமோ மறைத்ததால் தள்ளி விழுந்துவிட்டது: நெடுஞ்சாலைக்கு 11, சர்வீஸ் ரோட்டுக்கு 7. மூன்றாவது மறுபடி ஒழுங்காக 4, 14.

ஜிபிஎஸ்ஸின் வழக்கமான பிழை 5 மீட்டர் என்று வைத்தால், முதல் வகை அபராதம் என்பது தூரத்தின் இருமடியை 50ஆல் வகுப்பது. அதன்படி நெடுஞ்சாலைக்கு மூன்று புள்ளிகளிலும் முறையே 0.18, 2.42, 0.32. சர்வீஸ் ரோட்டுக்கு 4.5, 0.98, 3.92. இதை மட்டும் பார்த்தால் நடுப்புள்ளி சர்வீஸ் ரோட்டுக்குத்தான் போகும். கிட்ட இருக்கும் சாலைக்கு நகர்த்துகிறவர் அங்கேதான் கொண்டுபோய் வைப்பார்.

இனி இரண்டாவது அபராதம். வித்தியாசத்தைப் பத்தால் வகுப்போம். ஒரே சாலையில் தொடர்ந்து போனால் சாலைத் தூரமும் நேர்த்தூரமும் ஒரு மீட்டர்கூட வேறுபடாது, தாராளமாக 0.1 என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் முதல் புள்ளியில் நெடுஞ்சாலையில் இருந்தவர் இரண்டாவது புள்ளியில் சர்வீஸ் ரோட்டில் இருக்க வேண்டுமானால், 400 மீட்டர் முன்னால் உள்ள திறப்புவரை போய், மாறி, 300 மீட்டர் திரும்பி வந்திருக்க வேண்டும். நேராக நூறு மீட்டர். சாலை வழியாக 700. வித்தியாசம் 600, அபராதம் 60. அங்கிருந்து மூன்றாவது புள்ளிக்கு மறுபடி நெடுஞ்சாலைக்கு வர, பின்னால் இருக்கும் திறப்புக்கு 500 மீட்டர் போய், ஏறி, 600 மீட்டர் முன்னால் வர வேண்டும். மொத்தம் 1,100, அபராதம் 100.

இப்போது கூட்டிப் பாருங்கள். மூன்று புள்ளியும் நெடுஞ்சாலை என்றால் மொத்தம் 3.12. மூன்றும் சர்வீஸ் ரோடு என்றால் 9.60. கிட்ட இருக்கும் சாலைகளாகவே பார்த்துத் தொடுத்த பாதைக்கு 161.48. நடுப்புள்ளி சர்வீஸ் ரோட்டின் பக்கம் சாய்ந்து என்ன சொன்னாலும் எடுபடவில்லை. அது சொல்வது உண்மையானால் வண்டி பத்து விநாடியில் 700 மீட்டர், அதாவது மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் பறந்திருக்க வேண்டும்.

மூன்று புள்ளி, இரண்டு சாலை என்றால் எட்டுப் பாதைகள்தான், கையாலேயே கூட்டிவிடலாம். நூறு புள்ளி, புள்ளிக்கு ஐந்து சாலை என்றால் பாதைகளின் எண்ணிக்கை 5ஐ நூறு முறை பெருக்கிய தொகை. எந்தக் கணினியாலும் எண்ணி முடியாது. இதற்கு ஆண்ட்ரூ விட்டர்பி 1967இல் வெளியிட்ட ஒரு வழி கைகொடுக்கிறது. அவர் அதை உருவாக்கியது சாலைகளுக்காக அல்ல, இரைச்சலோடு வரும் தந்தியில்லாச் செய்திகளைப் படிக்க. ஒவ்வொரு புள்ளியிலும், ஒவ்வொரு சாலைக்கும், இதுவரை வந்து சேர்வதற்கு ஆன மிகக் குறைந்த அபராதம் எவ்வளவு என்பதை மட்டும் எழுதிவைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிடலாம் என்பதே அந்த வழி. நம் உதாரணத்தில் இரண்டாவது புள்ளியில் நெடுஞ்சாலைக்கு 2.70, சர்வீஸ் ரோட்டுக்கு 5.58 என்று இரண்டே எண்கள் மிஞ்சும். மூன்றாவது புள்ளிக்கு அந்த இரண்டிலிருந்து மட்டும் தொடர்ந்தால் போதும். நூறு புள்ளிகளுக்கு இப்படி 2,475 ஒப்பீடுகளில் வேலை முடிந்துவிடும். இதே விட்டர்பிதான் பின்னால் குவால்காம் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். புள்ளியைக் குழப்பித் தருகிற சில்லும் அதைத் தெளிவாக்குகிற கணக்கும் ஒரே ஆள் வரை போவது எனக்குப் பிடித்த தகவல்.

இந்த முறையில் கவனிக்க வேண்டியது, தீர்ப்பு கடைசியில்தான் வருகிறது என்பது. இரண்டாவது புள்ளியில் நிற்கும்போது எது சரி என்று கணக்கு முடிவெடுப்பதில்லை. இரண்டு சாத்தியத்தையும் கையில் வைத்துக்கொண்டே போகிறது. மூன்றாவது, நான்காவது புள்ளி வந்த பிறகு பழைய புள்ளியின் இடம் உறுதியாகிறது. ஓட்டிக்கொண்டிருக்கும்போது வழிகாட்டுகிற செயலிக்கு இந்தச் சௌகரியம் இல்லை; அது அந்த விநாடியே சொல்லியாக வேண்டும். பாலத்தில் ஏறிய பிறகும் ‘இடப்பக்கம் திரும்புங்கள்’ என்று அது சிறிது நேரம் அடம்பிடிப்பது அதனால்தான். முடிந்துபோன பயணத்தைச் சரிசெய்வது அதைவிட எளிது.

நியூசனும் க்ரம்மும் இதைச் சியாட்டில் நகரில் சோதித்தார்கள். ஏறக்குறைய 80 கிலோமீட்டர் காரோட்டி, விநாடிக்கு ஒரு புள்ளி பதிவு செய்து, உண்மையில் போன பாதை எது என்பதையும் தனியாகக் குறித்துவைத்துக்கொண்டார்கள். அவர்கள் கருவியின் பிழை அளவு 4.07 மீட்டர் என்று வந்தது. இந்த எண்ணைப் பிற்பாடு எழுதப்பட்ட மென்பொருள்கள் சிலவற்றில் அப்படியே இன்றும் பார்க்கலாம். சியாட்டில் சாலைகளில் ஒரு காரில் அளந்த எண் ரங்கநாதன் தெருவில் நடக்கிற போனுக்கும் பொருந்துமா என்று பலர் யோசிப்பதில்லை. பிறகு புள்ளிகளை வேண்டுமென்றே நீக்கிப் பார்த்தார்கள். அரை நிமிடத்துக்கு ஒரு புள்ளி என்ற அளவு வரை விடை ஏறக்குறைய கெடவே இல்லை. அதற்கு மேல் இடைவெளி கூடக்கூட, இரண்டு புள்ளிகளுக்கு நடுவே வண்டி போயிருக்கக்கூடிய வழிகள் பெருகிப் பிழை ஏறியது. அரை நிமிடத்தில் நகர வண்டி ஒன்றிரண்டு சந்திப்பைத்தான் கடக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் ஒரு பேட்டையையே கடந்துவிடும்.

நெருக்கமான புள்ளிகளும் அவர்களுக்குத் தொல்லை கொடுத்தன. முந்தைய புள்ளியிலிருந்து பிழை அளவின் இருமடங்குக்குள் விழும் புள்ளிகளை அவர்கள் முதலிலேயே தூக்கிப் போட்டுவிட்டார்கள். அவ்வளவு கிட்ட விழுந்தால் வண்டி நகர்ந்ததா, வெறும் ஆட்டமா என்று சொல்ல முடியாது. முதலில் பார்த்த சிக்னல் கிறுக்கல் 180 மீட்டர் இந்த ஒரே வடிகட்டலில் பெரும்பாலும் காணாமல் போய்விடும்.

இனி, இது எங்கே ஏமாறும்? நம் உதாரணத்தையே ஒரு சின்ன மாற்றத்தோடு பார்ப்போம். தடுப்புச்சுவரில் திறப்பு 400 மீட்டர் தள்ளி இல்லாமல் இந்தப் புள்ளிகளுக்கு நடுவிலேயே இரண்டு இடத்தில் இருக்கிறது. அல்லது இருப்பதாக வரைபடத்தில் யாரோ தவறாக வரைந்துவிட்டார்கள். இப்போது சாலை மாறுவதற்கு ஒவ்வொரு முறையும் அபராதம் 0.2தான். நெடுஞ்சாலை, சர்வீஸ் ரோடு, மறுபடி நெடுஞ்சாலை என்ற பாதைக்கு மொத்தம் 1.88. நேராகப் போன பாதையின் 3.12ஐ அது வென்றுவிடும்! ஒருவர் பத்து விநாடிக்குள் இறங்கி ஏறினார் என்பது நமக்கு அசட்டுத்தனமாகத் தெரியும், கணக்குக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது வரைபடத்தில் எது எதோடு சேர்ந்திருக்கிறது என்பது மட்டும். சாலையின் கோடு இரண்டு மீட்டர் தள்ளி வரையப்பட்டிருந்தால் பெரிய நஷ்டமில்லை. இணைப்பு தவறாக இருந்தால் மொத்தமும் போச்சு. வல்ஹாலாவில் திருப்பங்களுக்குத் தனி அபராதம் வைத்துக்கொள்ள இடமிருக்கிறது. அதைக் கூட்டினால் இந்த வளைசல் போகும். ஆனால் உண்மையிலேயே பெட்ரோல் பங்க்குக்கு இறங்கி ஏறியவரின் பயணமும் சேர்ந்து போகும்.

மேம்பாலம் இன்னொரு சிக்கல். தி.நகர் உஸ்மான் சாலையில் மேலே பாலம், கீழே சாலை. மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கோடு. ஜிபிஎஸ் உயரமும் சொல்லுமே என்று தோன்றும். அதன் உயரக் கணக்கு கிடைமட்டக் கணக்கைவிட மோசமானது; தரையிலிருந்து ஆறேழு மீட்டர் உயரத்தை அதை நம்பித் தீர்மானிக்க முடியாது. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் பாலம் தனி அடுக்காகக் குறிக்கப்பட்டிருக்கும். நடுவில் மேலிருந்து கீழே மாற வழியில்லை என்பது கணக்குக்குத் தெரியும். அதனால் பாலத்தின் நடுப்பகுதியில் யாராவது பக்கத் தெருவுக்குத் திரும்பினால் அவர் கீழேதான் வந்தார் என்று பிடித்துவிடலாம். தொடங்கின இடத்திலிருந்து முடிந்த இடம்வரை நேராகப் போனவர் மேலே போனாரா, கீழே போனாரா என்றால், இரண்டு பாதைக்கும் அபராதம் சமம். வேகத்தையும் நின்ற இடங்களையும் பார்த்து மனிதர்தான் ஊகிக்க வேண்டும்.

கிண்டியிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயிலில் போகிறவரின் தடத்தைக் காருக்கான கணக்கில் போட்டால் என்ன ஆகும் என்பது அதைவிடச் சுவாரஸ்யம். தண்டவாளம் பெரும்பகுதி ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டியே ஓடுகிறது. விடை அழகான, பிசிறில்லாத கோடாக ஜி.எஸ்.டி. சாலையில் வந்து உட்கார்ந்துவிடும். ‘இவர் எந்தச் சாலையிலும் போகவில்லை’ என்று சொல்லும் வசதி இந்தக் கணக்குக்குள் இல்லை. சாலையில் ஒரு சிக்னலிலும் நிற்காமல் பல்லாவரம், குரோம்பேட்டை என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாக மட்டும் நின்று போனவர் யாரென்று நமக்குத்தான் உறைக்க வேண்டும்.

நம் ஊருக்கே உரிய இன்னொன்று உண்டு: ராங் ரூட். டெலிவரி கணக்குப் பார்க்கிறவருக்கும் வண்டிக்காரருக்கும் இப்படிப் பேச்சு நடப்பது அதிசயமல்ல.

“ஏன் தம்பி, கடை எதிர்லயே இருக்கு. அதுக்கு ஒன்றரை கிலோமீட்டர் காட்டுதே?”

“அண்ணே, சுத்தியெல்லாம் வரலண்ணே. ராங்ல ஒரு அம்பதடி வந்தேன், அவ்வளவுதான்.”

காருக்கான கணக்கில் ஒருவழிப் பாதையில் எதிரே வருவது என்ற ஒன்றே கிடையாது. ஐம்பதடி பின்னால் விழுந்த புள்ளிக்குப் போய்ச் சேர ஒரே வழி அடுத்த யூ-டர்ன் வரை போய்ச் சுற்றி வருவது. அபராதம் கட்டுபடியானால் அந்தச் சுற்றுப் பாதையைச் சேர்த்துவிடும். ஆகாதென்றால் தடத்தை அங்கேயே இரண்டாக வெட்டிவிடும். நியூசன், க்ரம் கட்டுரையில் சாலைத் தூரம் நேர்த்தூரத்தைவிட இரண்டு கிலோமீட்டருக்கு மேல் கூடினால் அந்த இணைப்பையே நிராகரித்தார்கள். நடப்பவருக்கான கணக்கில் ஒருவழி கிடையாது என்பதால் சிலர் இரு சக்கர வண்டித் தடங்களை அதில் ஓட்டிப் பார்க்கிறார்கள். அப்போது மேம்பாலம் விடுபட்டுப் படிக்கட்டெல்லாம் வந்து சேரும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது வேறு. கணக்கு ஒவ்வொரு புள்ளியின் பிழையையும் தனித்தனி விபத்தாகவே எடுத்துக்கொள்கிறது: ஒன்று வலப்பக்கம் விழுந்தால் அடுத்தது இடப்பக்கம் விழக்கூடும் என்று. கட்டடங்களுக்கு நடுவே அப்படி நடப்பதில்லை. எதிர்ச் சுவர் நகராதவரை பிழையும் நகராது. இருபது புள்ளியும் சேர்ந்தாற்போல ஒரே பக்கம் முப்பது மீட்டர் தள்ளி விழும். அந்தப் பக்கம் முப்பது மீட்டரில் ஓர் இணைத்தெரு இருந்துவிட்டால், முழுத் தடமும் கச்சிதமாக அதில் போய் உட்காரும். இருபது பேர் ஒரே பொய்யை ஒரே மாதிரி சொன்னால் அந்தக் கணக்கு நம்பிவிடும். போன் ஒவ்வொரு புள்ளியோடும் ‘இத்தனை மீட்டருக்குள்’ என்று ஓர் ஆரத்தையும் தருகிறது. அதைத் தூக்கி எறியாமல் கணக்குக்குள் கொடுத்தால் ஓரளவு தப்பலாம். ஓஎஸ்ஆர்எம்மில் அதற்கென்றே `radiuses` என்று ஓர் இடம் உண்டு. ஆனால் அந்த ஆரத்தையும் வேதவாக்காக எடுக்க முடியாது. ஆண்ட்ராய்டு சொல்கிற ஆரத்துக்குள் உண்மையான இடம் இருக்க வாய்ப்பு 68 சதவீதம்தான்; மூன்றில் ஒரு முறை வெளியே இருக்கும்.

சரிசெய்த தடம் எப்போதும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆகவே பார்வையை நம்பாமல் சிலவற்றை அளந்து பார்க்க வேண்டும். அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே சாலைத் தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம் வரும். நகரத்தில் மணிக்கு 200 கிலோமீட்டர் என்று வந்தால் அங்கே பாதை தவறு. ஒரு தெருவுக்குள் போய் உடனே அதே வழியில் திரும்பி வருகிற குட்டி வால் தெரிந்தால், அநேகமாக ஒரு புள்ளி தப்பான தெருவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓஎஸ்ஆர்எம், எந்தச் சாலையிலும் சேர்க்க முடியாத புள்ளிக்கு `null` என்று போட்டுவிடும். அப்படி எத்தனை, எங்கே என்று பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் கொத்தாக வந்தால் குற்றம் போனில் இல்லை.

வரைபடத்தில்தான். ஒரு வண்டியின் தடம் ஓரிடத்தில் சேராமல் உடைந்தால் அது இரைச்சல். வெவ்வேறு நாளில், வெவ்வேறு போனோடு போன நாற்பது வண்டிகள் அதே இடத்தில் உடைந்தால், அங்கே புதிதாகத் திறந்த சாலை வரைபடத்தில் ஏறவில்லை. அல்லது ஒருவழியின் திசை மாறியது யாருக்கும் தெரியவில்லை. அல்லது இரண்டு சாலைகள் பார்க்க ஒட்டியிருந்தும் முனைகள் இணைக்கப்படாமல் நிற்கின்றன. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் பதிவான ஜிபிஎஸ் தடங்களை அடியில் பரப்பிவைத்துக்கொண்டு விடுபட்ட சாலையை அதன் மேலேயே வரைய முடியும். முனையைச் சேர்த்துவிட்டு, புதிய வரைபடத்தைக் கணக்குக்குள் ஏற்றியபின் அதே நாற்பது தடங்களையும் மறுபடி ஓட்டிப் பார்த்தால் போதும். உடைந்தது கூடிவிட்டதா என்பது உடனே தெரிந்துவிடும்.